வலிமையும் இடைவெளியும் ஒன்றல்ல: ஜியோகிரிட் மண்சுவர்களில் அடுக்கு இடைவெளி விதியின் வரலாறு

மேம்பாலத்துக்கு ஏறும் சரிவுகளின் இருபுறமும் கான்கிரீட் முகப்புப் பலகைகளோடு நிற்கும் மண்சுவர்களின் கணக்கில் ஒரு பழைய முடிவு கேள்வியின்றி தொடர்ந்து வருகிறது. மண்ணுக்குள் கிடக்கும் ஜியோகிரிட்டின் இழுவலிமை T, இரு அடுக்குகளுக்கு நடுவிலான செங்குத்து இடைவெளி S என்றால், சுவரின் உள் நிலைத்தன்மையைத் தீர்மானிப்பது T/S என்ற விகிதம் மட்டுமே என்பது அந்த முடிவு. வலிமையை இரட்டித்து இடைவெளியையும் இரட்டித்தால் சுவருக்கு இழப்பில்லை என்று இதற்குப் பொருள். இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆன்ரி விடால் 1960களில் உருவாக்கிய வலுவூட்டிய மண் முறை உலோகப் பட்டைகளைக் கொண்டது. அதற்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டவர்கள் பிரான்சின் ஷ்லோசரும் லாங்கும். 1970களின் தொடக்கத்தில் அவர்கள் மணல் உருளைகளுக்குள் அலுமினியத் தகடுகளை அடுக்கி, முவ்வச்சு அழுத்தச் சோதனையில் நசுக்கிப் பார்த்தார்கள். தகடு வைத்த மணல், உராய்வுக் கோணம் மாறாமல், புதிதாக ஓர் ஒட்டுத்திறன் பெற்றதுபோல் நடந்துகொண்டது. அந்த ஒட்டுத்திறனை அவர்கள் c = T√Kp / 2S என்று எழுதினார்கள். தகடு அறுந்து உருளை உடையும் நிலைக்கு இது பொருந்தியது. அந்தப் பணியின் மதிப்பை நான் குறைத்துக் காட்டவில்லை. வலுவூட்டிய மண்ணை முதன்முறையாக ஒரே பொருளாகக் கணக்கிட முடிந்தது அதனால்தான்.

நான் மறுப்பது அந்தச் சமன்பாட்டிலிருந்து பின்வந்தோர் எடுத்துக்கொண்ட உரிமையை. கைக்கு அடங்கும் உருளையில் தகடுகள் மிக நெருக்கமாக இருந்தன. நடுவில் சிக்கிய மணலுக்கு நழுவிச் செல்ல இடமே இல்லை. இடைவெளி அகன்றால் நடுமண் என்ன செய்யும் என்ற கேள்வியை அந்தச் சோதனை எழுப்பவே இல்லை. எழுப்பாத கேள்விக்கு அது விடை சொன்னதாகவே பிந்தைய விதிநூல்கள் நடந்துகொண்டன. பிரிட்டனின் பி.எஸ். 8006 (1995), அமெரிக்காவின் ஆஷ்டோ, நம் இந்திய சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 102 (2014) ஆகிய மூன்றிலும் அடுக்கின் இழுவிசை, அடிப்படையில், அந்த ஆழத்தின் பக்கவாட்டு அழுத்தத்தை இடைவெளியால் பெருக்கிப் பெறுவதே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 6 மீட்டர் உயரச் சுவர். நிரப்பு மண்ணின் எடை கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 34 பாகை, மேலே வாகனச் சுமை 20 கிலோபாஸ்கல் என்போம். 5.7 மீட்டர் ஆழத்தில் செங்குத்து அழுத்தம் சுமார் 128, பக்கவாட்டு அழுத்தம் சுமார் 36 கிலோபாஸ்கல். இடைவெளி 0.6 மீட்டரானால் அடுக்குக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிலோநியூட்டன் தேவை, 0.2 மீட்டரானால் சுமார் 7. இரண்டும் விகிதத்தில் சமம். எனவே குறைந்த அடுக்கில் வேலை முடியும் முதல் தெரிவையே ஒப்பந்ததாரர் விரும்புவார். விதிநூலும் தடுக்காது, 0.8 மீட்டர் என்ற மேல்வரம்பு மட்டுமே உண்டு.

அந்த 0.8 எங்கிருந்து வந்தது? விடாலின் கான்கிரீட் பலகை 1.5 மீட்டர் உயரம், பட்டைகள் 0.75 மீட்டருக்கு ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. 0.8 அதற்குச் சற்றே மேல். மண்ணின் குணத்திலிருந்து அல்ல, பலகையின் அளவிலிருந்தே வரம்பு பிறந்தது என்று இதைக்கொண்டு வாதிடுகிறேன். இது ஊகமே, விதி எந்த ஆண்டில் இந்த உருவம் பெற்றது என்பதைத் திட்டமாகச் சொல்ல முடியாது. ஆனால் கட்டைச் சுவர்களுக்கு ஆஷ்டோ விதிக்கும் கூடுதல் வரம்பு, கட்டையின் முன்பின் அகலத்தைப்போல் இருமடங்கு என்பது, முகப்பைப் பொறுத்ததே அன்றி மண்ணைப் பொறுத்ததல்ல. ஊகத்துக்கு அது வலு சேர்க்கிறது.

விகித வாசிப்பை நேரடியாகச் சோதித்த ஒரு தொகுப்பு அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறைக்காக ஜொனாதன் வூ குழு செய்தது. அதன் அறிக்கை 2013இல் வெளிவந்தது. சுமார் 2 மீட்டர் உயரத்தில் உடைகல் திரளைச் செய்து, 34 கிலோபாஸ்கல் பக்க அழுத்தத்தில், மேலிருந்து நசுக்கினார்கள். வலுவூட்டல் இல்லாத திரள் 770 கிலோபாஸ்கலில் உடைந்தது. 70 கிலோநியூட்டன் வலிமைத் துணியை 0.2 மீட்டருக்கு ஒன்றாக வைத்ததும் 2700. துணியை இரட்டித்து 0.4 மீட்டருக்கு ஒன்றாக வைத்தபோது, விகிதம் மாறாதிருந்தும், 1750 மட்டுமே. இந்த இணைதான் முழு விவாதத்தின் மையம். நான்காம் சோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஒற்றைத் துணி 0.4 மீட்டரில் 1300. அதாவது அங்கிருந்து வலிமையை இரட்டித்தால் 450 கூடுகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் 1400 கூடுகிறது. விகிதம் ஒன்றே போதும் என்றால் இரண்டும் சமமாகக் கூடியிருக்க வேண்டும்.

இந்த விளைவைச் சமன்பாட்டில் ஏற்றும் பொருட்டு வூ குழு 0.7^(S/6d) என்ற குறைப்புக் காரணியைச் சேர்த்தது. இதில் d என்பது மண்ணின் மிகப்பெரிய துகளின் அளவு. இங்கே அவர்களோடும் நான் முழுதாக உடன்படவில்லை. அவர்களின் கல் 33 மில்லிமீட்டர் வரை பெரியது. பல்லாவரத்தில் கண்டறிந்து தாமஸ் ஹாலண்ட் பெயரிட்ட சார்னோகைட் பாறையே தென்சென்னைப் புறநகர்க் குவாரிகளின் கல். தாம்பரம் தாண்டி காட்டாங்குளத்தூர்ப் பக்கம் நிரப்புக்கு அதன் குவாரி டஸ்ட்டைக் கருதினால், பெரிய துகள் 4.75 மில்லிமீட்டர் அளவே. 0.6 மீட்டர் இடைவெளியில் காரணி 0.00055 ஆகிறது, அடுக்குக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 40,000 கிலோநியூட்டன் கேட்கும். மணல் நிரப்பிய சுவர்கள் பல பத்தாண்டுகளாக நிற்பதே இதற்கு மறுப்பு. அந்த அடுக்குக்குறி தன் சோதனை எல்லைக்குள் மட்டுமே பேசுகிறது.

ஆகவே என் முடிவு இரு பகுதியானது. இடைவெளிக்குத் தனிப்பங்கு உண்டு என்பது நிறுவப்பட்டது. அதை அளக்கும் கோல் துகளளவு மட்டும்தானா என்பது நிறுவப்படவில்லை. வூவின் துணி முழுப் பரப்பாகக் கல்லைத் தாங்கும். ஜியோகிரிட்டிலோ கண்கள் திறந்திருக்கின்றன. கண்ணுக்கு ஏற்ற கல் அதில் சிக்கிப் பூட்டிக்கொள்ளும். டஸ்ட் கீழே ஒழுகிவிடும். எனவே துகளைக் கண்ணின் அகலத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்று கருதுகிறேன். சான்று மெலிவாக இருப்பதாலேயே இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்: ஜியோகிரிட்டும் சார்னோகைட் டஸ்ட்டும் சேர்ந்து, ஒரே விகிதத்தில் 0.2, 0.4 மீட்டர் இணையாகச் சோதிக்கப்பட வேண்டும்.

அதுவரை களத்தில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மண்ணை 20 சென்டிமீட்டர் படலமாகக் கொட்டி இறுக்கும் வழக்கத்தில், அடுக்கு இரண்டு படலத்துக்கு ஒன்று வர 0.4 மீட்டர் என்பது மூன்றுக்கு ஒன்றைவிடப் பாதுகாப்பானது. நிற்கும் சுவரைச் சோதிக்கும்போது முகப்பில் செங்குத்தாக நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். வீக்கம் அடுக்குக்கு அடுக்கு திரும்பத் திரும்பத் தெரிந்தால், நடுமண் பிதுங்குகிறது, இடைவெளியே ஐயத்துக்குரியது. முகப்பு முழுதும் ஒரே சாய்வாக இருந்தால் கிரிட்டின் நீளத்தையும் அடித்தளத்தையும் ஆராய வேண்டும். இரண்டையும் வேறுபடுத்தாமல் வலிமையான கிரிட்டைப் பரிந்துரைப்பது, விகித வாசிப்பை அதன் சோதனை தொட்டிராத இடத்துக்கு இன்னொரு முறை நீட்டுவதாகும்.