பொறியியல் ஆய்வக அறிக்கையில் நிர்வாகச் சுருக்கம்

பொறியியல் ஆய்வக அறிக்கை என்பது ஒரு பொருளையோ கருவியையோ சோதித்து, எப்படிச் சோதிக்கப்பட்டது, என்ன அளவுகள் கிடைத்தன, அவற்றிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பவற்றைப் பதிவு செய்யும் ஆவணம். அதன் முகப்பில் வரும் நிர்வாகச் சுருக்கம், அறிக்கை முழுவதையும் படிக்க நேரமில்லாத ஆனால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்காக எழுதப்படும் தனிப் பகுதி. ஆய்விதழ்க் கட்டுரைகளின் தொடக்கத்தில் காணப்படும் ஆய்வுச் சுருக்கத்திலிருந்து இது வேறுபட்டது. ஆய்வுச் சுருக்கம் என்ன ஆராயப்பட்டது என்பதைச் சக ஆய்வாளருக்குச் சொல்கிறது. நிர்வாகச் சுருக்கம் முடிவு என்ன, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதைப் பொறுப்பில் இருப்பவருக்குச் சொல்கிறது.

மேலோட்டமாகப் படிப்பவர் சோம்பேறி அல்லர். ஒரு செயற்பொறியாளரின் மேசைக்கு ஒரே நாளில் பல பணிகளின் சோதனைத் தாள்கள் வரும். அவர் எதைப் படிக்கிறார் என்பது வெகுகாலத்துக்கு முன்பே ஆராயப்பட்ட ஒன்று. அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் மேலாளர்களிடம் அறிக்கைகளை எப்படிப் படிக்கிறார்கள் என்று விசாரித்து, அதை 1962இல் தன் பொறியியல் இதழில் வெளியிட்டது. சுருக்கத்தைப் படிப்பதாக எல்லா மேலாளர்களும் கூறினர். முன்னுரையையும் முடிவுரையையும் படிப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அறிக்கையின் உடற்பகுதிக்கும் பிற்சேர்க்கைக்கும் சென்றவர்கள் மிகச் சிலரே. எழுதுபவர் அதிக நாள் உழைக்கும் பகுதியும் படிப்பவர் தொடாத பகுதியும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நிர்வாகச் சுருக்கத்தின் வடிவம் முழுவதும் இந்த இடைவெளியை ஒட்டியே அமைகிறது.

எடுத்துக்காட்டு: ஒரு தளத்தின் கான்கிரீட்

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் முதல் மாடித் தளத்துக்கு எம்25 கான்கிரீட் 40 கன மீட்டர் ஊற்றப்பட்டதாகக் கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456இன்படி 31 முதல் 50 கன மீட்டர் வரை உள்ள கான்கிரீட்டுக்கு நான்கு மாதிரிகள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள மூன்று கியூப்கள் வார்த்து, நீரில் பதப்படுத்தி, 28ஆம் நாள் அழுத்தி உடைக்கிறார்கள். மூன்றின் சராசரியே அந்த மாதிரியின் வலிமை. நான்கு மாதிரிகளுக்கும் முறையே 29.1, 27.6, 25.4, 26.7 மெகாபாஸ்கல் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்.

எம்25 என்ற பெயரில் உள்ள 25ஐ மனத்தில் வைத்து இந்த எண்களை ஓடிப் பார்ப்பவருக்கு எல்லாம் தேறிவிட்டது போலத் தோன்றும். எதுவும் 25க்குக் கீழே இல்லை. ஆனால் விதி அப்படி அமையவில்லை. திருத்தங்களோடு கூடிய ஐ.எஸ். 456:2000 இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. தனி மாதிரி எதுவும் 25இலிருந்து 3 கழித்த 22க்குக் குறையக் கூடாது. அடுத்தடுத்த நான்கு மாதிரிகளின் சராசரியோ, 25உடன் 3 கூட்டிய 28, அல்லது 25உடன் திட்ட விலக்கத்தின் 0.825 மடங்கைக் கூட்டிய அளவு, இவற்றில் எது பெரிதோ அதை எட்ட வேண்டும். இந்தப் பணியில் முன்பே நிறுவப்பட்ட திட்ட விலக்கம் 3 என்றால் இரண்டாவது அளவு ஏறத்தாழ 27.5 ஆகும். ஆகவே 28தான் வரம்பு. நான்கின் சராசரி 27.2. தளம் முதல் நிபந்தனையில் தேறி, இரண்டாவதில் 0.8 மெகாபாஸ்கல் குறைகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக எழுதப்படும் சுருக்கம் கீழ்க்கண்டவாறு இருக்கும்:

“முதல் மாடித் தளத்தின் கான்கிரீட்டின் அமுக்க வலிமையை அறியும் நோக்கில் ஐ.எஸ். 516இல் கண்டுள்ள முறைப்படி 12 கியூப்கள் 28 நாள்களில் சோதிக்கப்பட்டன. சோதனை முடிவுகள் அட்டவணை 2இல் தரப்பட்டுள்ளன. மாதிரிகளின் வலிமை 25.4 முதல் 29.1 மெகாபாஸ்கல் வரை உள்ளது. முடிவுகள் பொதுவாக ஏற்கத்தக்க அளவில் உள்ளன.”

இதில் பொய்யான எண் ஒன்றும் இல்லை. ஆனால் தோற்றுவிட்ட நிபந்தனை இதில் இல்லவே இல்லை. “பொதுவாக” என்ற சொல் அந்தக் குறையை மூடிவிடுகிறது. முதல் வாக்கியம் முழுவதும் முறைக்கே செலவாகிவிட்டது. செயற்பொறியாளர் இதைப் படித்துவிட்டு அடுத்த மாடிக்குச் சாரம் கட்டச் சொல்லிவிடுவார்.

அதே அளவுகளை வைத்துத் திருத்தி எழுதினால்:

“முதல் மாடித் தளத்தின் எம்25 கான்கிரீட், ஐ.எஸ். 456இன் ஏற்பு விதியை நிறைவு செய்யவில்லை. நான்கு மாதிரிகளின் 28 நாள் சராசரி 27.2 மெகாபாஸ்கல், தேவை 28. தனி மாதிரிகளுக்கான கீழ்வரம்பான 22ஐ நான்கும் தாண்டியுள்ளன. மிகக் குறைந்தது 25.4. தளத்தில் குறைந்தது மூன்று இடங்களில் கோர் எடுத்துச் சோதிக்கவும், அதன் முடிவு வரும் வரை தளத்தின் மேல் அடுத்த மாடியின் சுமையை ஏற்றாமல் இருக்கவும் பரிந்துரைக்கப்படுகிறது. கியூப்கள் ஆய்வகத்தில் பதப்படுத்தப்பட்டவை; தளத்தில் உள்ள கான்கிரீட்டின் வலிமையை இவை நேரடியாகக் காட்டா. விவரம்: பிரிவு 4, அட்டவணை 2.”

முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. அடுத்ததில் கிடைத்த அளவும் தேவையான அளவும் அருகருகே நிற்கின்றன. கிடைத்ததை மட்டும் தந்து தேவையைத் தராத சுருக்கம் படிப்பவரைப் புத்தகம் தேட வைக்கும். மேலோட்டமாகப் படிப்பவர் தேட மாட்டார். மூன்றாவது வாக்கியம் குறையின் அளவைக் காட்டுகிறது: தளம் ஆபத்தில் இருக்கிறது என்ற பீதிக்கு இடமில்லை, விதியை எட்டவில்லை என்பதும் மறையவில்லை. பரிந்துரை இன்ன செயல், இன்ன வரம்பு என்று சொல்கிறது. “தக்க நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. கடைசியில் சோதனையின் எல்லை சொல்லப்படுகிறது. எல்லையைச் சுருக்கத்தில் சேர்க்கப் பலர் தயங்குகிறார்கள், தங்கள் வேலையைத் தாங்களே குறைத்துச் சொல்வதாக நினைத்து. கோர் சோதனை ஏன் தேவை என்பது அந்த வாக்கியத்தால்தான் விளங்குகிறது.

கோர் சோதனையின் வரம்பையும் உடற்பகுதியில் எழுதிவிடுவது நல்லது. கோர்களின் சராசரி, கியூப் வலிமைக்கு மாற்றிக் கணக்கிட்டால், எம்25க்கு உரிய 25இல் 85 விழுக்காடாவது, அதாவது 21.25 மெகாபாஸ்கலாவது, இருக்க வேண்டும். தனிக் கோர் எதுவும் 75 விழுக்காட்டுக்கு, அதாவது 18.75க்குக் குறையக் கூடாது. இது சுருக்கத்தில் வேண்டியதில்லை. முடிவெடுப்பவர் கோர் எடுக்க ஒப்புக்கொண்ட பின்னரே இந்த எண்களுக்கு வேலை வரும்.

உடற்பகுதியில் கண் ஓடும் வழி

சுருக்கத்துக்குப் பின் வருபவை வழக்கமானவை: நோக்கம், பொருளும் முறையும், முடிவுகள், விவாதம், முடிவுரை, பரிந்துரை, பிற்சேர்க்கை. முறைப் பகுதியை நிர்வாகி படிக்க மாட்டார். ஆனால் ஒப்பந்ததாரர் முடிவை எதிர்த்தால் முதலில் புரட்டப்படும் பக்கம் அதுதான். அமுக்கும் எந்திரத்தின் அளவுத்திருத்தச் சான்று எப்போது பெறப்பட்டது, சுமை நிமிடத்துக்கு எவ்வளவு ஏற்றப்பட்டது, கியூப்களைத் தொட்டியிலிருந்து எடுத்த பின் ஈரமாகவே சோதித்தார்களா என்பவை அங்கே இருக்க வேண்டும்.

மேலோட்டமாகப் படிப்பவர் சுருக்கத்துக்குப் பின் தலைப்புகளையும் அட்டவணைத் தலைவரிகளையும்தான் பார்க்கிறார். “முடிவுகள்” என்ற தலைப்பு அவருக்கு எதையும் சொல்வதில்லை. “நான்கு மாதிரிகளின் சராசரி தேவைக்கு 0.8 மெகாபாஸ்கல் குறைவு” என்பது சொல்கிறது. அட்டவணை 2இல் ஒவ்வொரு கியூபின் உடைந்த சுமையும், அதை 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுத்து வந்த வலிமையும், மாதிரிச் சராசரியும் வரிசையாக இருந்தால் போதும். கடைசி வரியில் நான்கின் சராசரியும் தேவையும் தடித்த எழுத்தில் வர வேண்டும். மூன்றாவது மாதிரியின் கியூப்கள் 620, 570, 525 கிலோநியூட்டனில் உடைந்தன என்றால் வலிமை 27.6, 25.3, 23.3. சராசரியிலிருந்து மிக விலகியது ஏறத்தாழ 8 விழுக்காடு. விதி அனுமதிக்கும் எல்லை 15 விழுக்காடு என்பதால் மாதிரி செல்லும். இதைத் தலைவரிக்குக் கீழே ஒரு வரியாக எழுதிவிட்டால், ‘அந்த 23.3 பிழையாக இருக்குமோ’ என்ற கேள்வி எழாது.

தலைப்பு ஆறுதல் சொல்ல, அடிவரி எச்சரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்த கொலம்பியா விண்ணோடத்தின் கதை சான்றாகக் காட்டப்படுகிறது. 2003 ஜனவரியில் விண்ணோடம் புறப்பட்டபோது நுரைத் துண்டு ஒன்று இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே பொறியாளர்கள் நாசாவுக்குத் தந்த விளக்கப் படம் ஒன்றின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்வதாகத் தோன்றச் செய்தது. மோதிய துண்டின் கனஅளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியதோ வெறும் 3 கன அங்குலம் என்ற செய்தி அதே படத்தின் அடிப்பகுதியில் சிறு எழுத்தில் கிடந்தது. அந்தச் சோதனையை வைத்து இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே உண்மையான முடிவு. தரவுகளைக் காட்சிப்படுத்துவது பற்றி எழுதிவரும் எட்வர்ட் டஃப்டி இந்தப் படத்தை வரி வரியாகப் பகுத்துக் காட்டினார். விபத்து விசாரணைக் குழுவும் 2003 ஆகஸ்டு அறிக்கையில் இதை எடுத்துப் பேசியது.

எழுதும் ஒழுங்கும் சரிபார்ப்பும்

அறிக்கையில் முதலில் நிற்கும் சுருக்கம் கடைசியாகவே எழுதப்படுகிறது. முன்கூட்டி எழுதி வைத்தால், பிறகு திருத்திய எண்கள் அதில் ஏறாமல் போகும். உடற்பகுதியில் 27.2 என்றும் சுருக்கத்தில் 27 என்றும் இருந்தால் படிப்பவர் இரண்டையும் நம்ப மாட்டார். தசமத்தை எத்தனை இடம் வரை முழுமையாக்குவது என்பது ஒரே முறையில் இருக்க வேண்டும். உடற்பகுதியில் இல்லாத கருத்து சுருக்கத்தில் மட்டும் தலைகாட்டுவதும் பிழையே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் சுமை ஏற்ற வேண்டாம் என்ற பரிந்துரைக்கு விவாதப் பகுதியில் காரணம் இல்லையென்றால், அது எழுதியவரின் தனி அபிப்பிராயமாகவே கருதப்படும்.

சரிபார்க்க எளிய வழி, சுருக்கத் தாளை மட்டும் தனியே எடுத்துப் பணியில் சம்பந்தப்படாத ஒரு பொறியாளரிடம் கொடுப்பது. தேறியதா, எவ்வளவு குறை, நாளைக் காலை என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் தாளைத் திருப்பிப் பார்க்காமல் அவரால் பதில் சொல்ல முடியாவிட்டால் சுருக்கம் இன்னும் முடியவில்லை. நீளத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு ஒரு பக்கம். கியூப் சோதனை போன்ற சிறு பணிக்கு அரைப் பக்கமே போதும்.

ஒரு வரம்பை இங்கே குறிப்பிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் தரும் சோதனைச் சான்றும் பொறியியல் அறிக்கையும் ஒன்றல்ல. ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரத்தின்படி அளவுகளும், அவற்றைப் பற்றிய கருத்தும் விளக்கமும் தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட வேண்டும். கருத்தை அதற்கென அதிகாரம் பெற்றவரே எழுத வேண்டும். தேறியது, தேறவில்லை என்று எழுதினால் எந்த விதியின்படி தீர்ப்பு என்பதும் அருகிலேயே இருக்க வேண்டும். எனவே பல கூடங்கள் சான்றில் எண்களோடு நிறுத்திக்கொள்கின்றன. கோர் எடுக்கச் சொல்லும் பரிந்துரையும், அதைத் தாங்கும் நிர்வாகச் சுருக்கமும், சான்றைப் பிற்சேர்க்கையாக இணைத்து ஆலோசனைப் பொறியாளர் கையெழுத்திடும் அறிக்கையில் இடம்பெறுகின்றன.