உரைப்பத்தியில் உருவகம்: பொருள் துணியும் முறை

உரைநடைப் பத்தி ஒன்றைக் கொடுத்து, அதில் வரும் ஓர் உருவகம் எதைக் குறிக்கிறது என்று கேட்டு, நான்கு விடைகளை முன்வைத்து, அவற்றுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வினாமுறை இன்று பல பரீட்சைகளில் வழக்கமாகிவிட்டது. இவ்வினாவுக்கு விடை காண்பவர்கள் பெரும்பாலும் உருவகமாக நிற்கும் பெயர்ச்சொல்லையே உற்றுநோக்கி, அச்சொல் பொதுவாக நம் மனத்தில் எழுப்பும் எண்ணங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு நெருங்கியதாகத் தோன்றும் விடையில் போய் நின்றுவிடுகிறார்கள். பெயர்ச்சொல் பொருளைத் துணிவதில்லை என்பதும், அதனைச் சூழ்ந்து நிற்கும் வினைச்சொற்களும், அவ்வினைகளைச் செய்வோர் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்ற செய்தியுமே துணிகின்றன என்பதும் இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

இதனை ஆராய்வதற்கென்றே எழுதப்பட்ட ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்:

அண்ணா காலமான பிறகு அவருடைய கணக்குப் புத்தகங்களைச் சிவகாமி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். இருபது வருஷத்து வரவும் செலவும் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தன. பால், விறகு, வாடகை; அவளுடைய கல்யாணத்துக்கு வாங்கிய கடன்; அந்தக் கடனுக்கு மாதந்தோறும் கட்டிய தொகை. அந்தப் புத்தகங்கள் ஒரு மதில். வீட்டில் இருந்த ஒருவரும் அதற்கு அப்பால் எட்டிப் பார்த்ததில்லை. எட்டிப் பார்ப்பதை அவரும் விரும்பியதில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் கணக்கு இல்லை. ‘இன்று மழை’ என்று இருந்தது. மதிலில் ஒரு செங்கல் பெயர்ந்ததுபோல் அவளுக்குப் பட்டது.

இப்பத்தியின்மேல் எழும் வினா, மதில் என்ற உருவகம் எதைக் குறிக்கிறது என்பது. விடைகள் நான்கு: முதலாவது, குடும்பத்துக்கு அண்ணனின் சிக்கனம் அளித்த பாதுகாப்பு, இரண்டாவது, தம் அகவாழ்வை வீட்டாருக்குக் காட்டாமல் அவர் காத்துக்கொண்ட ஒதுக்கம், மூன்றாவது, குடும்பத்தை அழுத்திய கடன்சுமை, நான்காவது, அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே நிலவிய பகை.

விடைகளை ஒப்பிடுமுன் வினா கேட்பது எது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1936-இல் வெளியிட்ட ‘அணியியலின் தத்துவம்’ என்ற ஆங்கில நூலில், உருவகத்தில் பேசப்படும் பொருளையும் அப்பொருளைச் சுமந்து வரும் படிமத்தையும் பிரித்துக் காட்டி, இரண்டும் சேருவதற்குரிய பொதுத்தன்மையைத் தனியே வைத்து எண்ணினார். நம் பத்தியில் பேசப்படும் பொருள் கணக்குப் புத்தகங்கள். அது வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சுமந்து வருவது மதில். சொல்லப்படாதது பொதுத்தன்மை ஒன்றே. ஆகவே ‘எதைக் குறிக்கிறது’ என்ற வினா, மேலோட்டமாகப் பொருளைக் கேட்பதுபோல் இருந்தாலும், உண்மையில் புத்தகங்கள் எவ்வகையில் மதிலாகின்றன என்பதையே கேட்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனியாதவன், பத்தியில் புத்தகங்களோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஏதேனும் ஒரு செய்தியை விடையாகக் கொள்வான். மூன்றாவது விடை அவனுக்கென்றே வைக்கப்பட்டது. கடன் உண்மையாகவே பத்தியில் இருக்கிறது. ஆனால் அது புத்தகத்துக்குள் எழுதப்பட்ட பல பதிவுகளுள் ஒன்றேயன்றிப் புத்தகங்கள் மதிலாவதற்குக் காரணமன்று. பத்தி சொல்லும் உண்மை என்பதும் உருவகத்தின் பொருள் என்பதும் வெவ்வேறு.

பொதுத்தன்மையைத் தேடுவதற்குத் தொல்காப்பியத்தின் உவமவியல் நமக்கு நல்லதொரு வழியைத் தருகிறது. உவமையின் தோற்றத்தை அந்நூல் வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. செய்கையால் ஒத்தல், விளையும் பயனால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்று உரைகாரர் வழிநின்று இவற்றைப் பொதுவாகக் கொள்ளலாம். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமை மறைந்து இரண்டும் ஒன்றாகும்போது உருவகம் பிறக்கிறது என்பது பிற்காலத்துத் தண்டியலங்காரத்தின் கொள்கையாதலின், இவ்வகுப்பை உருவகத்துக்கும் நீட்டிக்கொள்வதில் பிழையில்லை. அடுக்கி வைத்த கணக்குப் புத்தகங்கள் செங்கல் சுவர்போலத் தோன்றும் என்பது மெய் பற்றிய ஒப்புமை. அதனை எந்த விடையும் தொடவில்லை. மதிலால் விளையும் பயன் காவல். முதல் விடை அதன்மேல் எழுந்தது. மதில் செய்யும் வினை மறைத்தல்; இரண்டாவது விடை அதன்மேல் எழுந்தது. ஆக, நான்கு விடைகள் இருந்தபோதிலும் வழக்கு உண்மையில் பயனுக்கும் வினைக்கும் இடையே நிகழ்கிறது.

முதல் விடையை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தங்கையின் கல்யாணக் கடனை மாதந்தோறும் அடைத்த ஒருவரின் சிக்கனம் குடும்பத்தைக் காத்தது என்று சொன்னால் யார் மறுப்பார்? பாலும் விறகும் வாடகையும் அதற்குச் சாட்சி. நல்ல மாணவர்களே இவ்விடையில் வீழ்வதற்குக் காரணம், அது பத்தியின் உணர்ச்சிக்கு ஒத்திருப்பதுதான். ஆனால் உருவகத்தை அடுத்து வரும் வாக்கியத்தை நோக்குக. எட்டிப் பார்த்தல் என்ற வினை அங்கே வருகிறது. அதைச் செய்யாதவர்கள் வீட்டார். காக்கும் மதிலானால் வீட்டார் அதன் உள்ளே இருக்க வேண்டும். பகையோ வறுமையோ வெளியே நிற்க வேண்டும். இங்கேயோ வீட்டாரே வெளியே நிற்கிறார்கள். ‘அப்பால்’ என்ற சொல் அவர்களை அங்கே நிறுத்திவிட்டது. உள்ளே இருப்பவர் அண்ணா ஒருவரே. மதிலின் எந்தப் பக்கத்தில் யார் என்ற இந்த ஒரு கேள்வி முதல் விடையை வீழ்த்தப் போதுமானது. இனி, செங்கல் பெயர்தல் என்ற இரண்டாவது வினையைக் கொண்டு இம்முடிவைச் சோதித்துப் பார்க்கலாம். காவல் மதிலில் கல் பெயர்ந்தால் அது அபாயம். மறைக்கும் மதிலில் பெயர்ந்தால் அது ஒரு துவாரம். சிவகாமிக்கு அந்தப் பக்கத்தில் அபாயம் ஏதும் தோன்றியதாகப் பத்தி கூறவில்லை. வரவு செலவு அல்லாத ஒரு வரி முதன்முறையாக அவள் கண்ணில் பட்டது என்றே கூறுகிறது. ஓர் உருவகம் பத்தியில் மீண்டும் வருமானால், முதலிடத்தில் கொண்ட பொருள் இரண்டாமிடத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்பது இவ்வகை வினாக்களில் மிக உறுதியான உரைகல்.

நான்காவது விடையின் குற்றம் வேறு வகையானது. மறைத்தல் என்ற திசையை அது சரியாகவே பிடித்துக்கொண்டு, பின்பு பத்தி செல்லாத தூரம் சென்றுவிடுகிறது. எட்டிப் பார்ப்பதை அவர் விரும்பவில்லை என்பதால் ஒதுக்கம் தெரிகிறதேயன்றிப் பகை தெரியவில்லை. கடனுக்கு நேரே எழுதிய தொகைகள் அதற்கு மாறாகவே பேசுகின்றன. சுவர் என்றவுடன் பிரிவினை, பிரிவினை என்றவுடன் விரோதம் என்று மனம் தானே ஓடிவிடுவதால் நேரும் பிழை இது. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பெயரை நீக்கிய கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து 1929-இல் வெளியிட்ட நூலில், வாசகன் முன்னரே ஆயத்தமாக வைத்திருக்கும் எதிர்வினை கவிதையின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்வதைத் தவறான வாசிப்பின் காரணங்களுள் ஒன்றாகக் கண்டார். உரைநடை வினாக்களில் தவறான விடையை அமைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, இந்த ஆயத்த எதிர்வினையையே மூலதனமாகக் கொள்கிறார்.

இந்த எதிர்வினையின் வலிமையை மதிலைக் காட்டிலும் மழையிடத்தில் நன்றாகக் காணலாம். ‘இன்று மழை’ என்பதைக் கண்ணீர் என்றும், உள்ளம் நெகிழ்ந்ததன் அடையாளம் என்றும் பொருள் கூறத் துடிப்பவர்கள் பலர். வடமொழி அலங்கார சாஸ்திரம் இங்கே துணை செய்கிறது. மம்மடர் முதலியோர் லட்சணைக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தனர்: நேர்ப்பொருள் தடைபட வேண்டும், கொள்ளும் பொருளுக்கு நேர்ப்பொருளோடு சம்பந்தம் இருக்க வேண்டும், அவ்வாறு கூறுவதற்கு வழக்கோ பிரயோஜனமோ காரணமாக இருக்க வேண்டும். ‘கங்கையில் இடைச்சேரி’ என்ற அவர்களுடைய பிரசித்தமான உதாரணத்தில் நீரோட்டத்தின்மேல் சேரி அமைய முடியாதாகையால் கரை என்ற பொருள் கொள்ளப்படுகிறது. கங்கையின் குளிர்ச்சியும் தூய்மையும் அச்சேரிக்கு உண்டென உணர்த்துவது பிரயோஜனம். புத்தகங்கள் ஒரு மதில் என்ற வாக்கியத்தில் நேர்ப்பொருள் தடைபடுகிறது. ‘இன்று மழை’ என்பதில் ஒரு தடையும் இல்லை. அன்று மழை பெய்தது, அவர் எழுதினார், அவ்வளவே. அவ்வரியின் கனம் அது கணக்கல்ல என்பதில் இருக்கிறது, மழையில் இல்லை. வெயில் என்று எழுதியிருந்தாலும் செங்கல் பெயர்ந்துதான் இருக்கும். தடை இல்லாத இடத்தில் தொனி கேட்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கவிதையில் அது தாராளமாகக் கேட்கலாம். நான்கில் ஒன்றைத் தேரும் வினாவில், பத்தி சான்று தராத தொனியைச் சரியான விடையென்று நிலைநாட்ட வழியில்லை என்பதே என் வாதம்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. டொனால்ட் டேவிட்சன் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், உருவகச் சொற்களுக்கு அவற்றின் நேர்ப்பொருளுக்கு அப்பால் வேறொரு பொருளே இல்லை என்றும், உருவகம் நம்மை ஏதோ ஒன்றைக் கவனிக்கச் செய்கிறதேயன்றி மறைபொருளை ஏந்தி வருவதில்லை என்றும் வாதித்தார். அங்ஙனமாயின் ‘எதைக் குறிக்கிறது’ என்ற வினாவே பொருளற்றதாகும் அல்லவா? அவர் கொள்கையை முழுவதும் ஏற்றாலும் நம் வினா அழிந்துபோவதில்லை. அதன் உரிமை மட்டும் சுருங்குகிறது. மதில் என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக ஒதுக்கம் என்ற சொல்லை வைத்துவிட்டால் பத்தி செத்துவிடும் என்பது மெய்தான். ஆனால் பத்தி நம்மைக் கவனிக்கச் செய்வது புத்தகங்களின் எந்த அம்சத்தை என்று கேட்பதற்கு அவர் வாதம் தடையாகாது. கவனத்தின் திசையை வினைச்சொற்கள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. ‘அண்ணா இறுதியில் தம் மனத்தைத் திறந்துகாட்ட விரும்பினார்’ என்பதைச் செங்கலுக்கு விடையாக ஒருவர் அமைத்தால் அதைத் தள்ளவும் இது போதும்: பெயர்ந்ததுபோல் பட்டது சிவகாமிக்கு, அவர் விருப்பத்தைப் பற்றிப் பத்தி மௌனமாக இருக்கிறது.

வினா அமைப்பவர் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பத்தியிலிருந்து எட்டிப் பார்த்தல் பற்றிய இரு வாக்கியங்களையும் நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். செங்கல் பெயர்ந்தது மறைத்தலின் பக்கம் சிறிது சாய்ந்தாலும், அண்ணனின் மறைவோடு குடும்பத்தின் காவலும் தளரத் தொடங்கியது என்று அதற்குப் பொருள் கூறுபவனை மறுக்கப் பத்தியில் சான்று இராது. முதல் விடையும் இரண்டாவது விடையும் ஏறத்தாழச் சமபலத்தோடு நிற்கும். அந்நிலையில் முதல் விடையைத் தேர்ந்த மாணவனுக்கு மதிப்பெண்ணை மறுப்பது அநியாயம். நீண்ட கதையிலிருந்து பத்தியை வெட்டி எடுக்கும்போது இவ்விபத்து அடிக்கடி நேர்கிறது. வெட்டியவர் முழுக் கதையையும் படித்தவராதலால் நீக்கிய வாக்கியம் அவர் மனத்தில் இன்னும் இருந்து விடையை நிச்சயமாக்குகிறது, மாணவனுக்கோ அது கிடைப்பதில்லை. கதையைப் படியாத ஒருவரிடம் வெட்டிய பத்தியை மட்டும் கொடுத்து, அவர் தேர்ந்த விடைக்கு எந்த வினைச்சொல் ஆதாரம் என்று சுட்டச் சொன்னால் குறை வெளிப்பட்டுவிடும். அவரால் சுட்ட முடியாவிட்டால் வாக்கியத்தைப் பத்தியில் மீண்டும் சேர்க்கலாம். சேர்க்க இடமில்லையென்றால் முதல் விடையை எடுத்துவிட்டு வேறொன்று அமைக்கலாம்.