வரி கட்ட வேண்டாதவரிடம் பிடிக்கப்படும் வரி: வைப்பு வட்டியும் 15ஜி படிவமும்

வங்கி வைப்பு வட்டியில் பிடித்தம் செய்யப்படும் டி.டி.எஸ். தனியொரு வரி அன்று. ஆண்டு முடிவில் கட்ட வேண்டியிருக்கக்கூடிய வருமான வரியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு இதனால் இழப்பில்லை, பின்னர் கழித்துக்கொள்வார். வரியே வராத சிறுசேமிப்பாளருக்கோ இது தம் பணத்தைத் தாமே கேட்டு வாங்க வேண்டிய நிலையை உண்டாக்குகிறது. கேட்கத் தெரியாதவர் இழக்கிறார். இந்த இழப்பில் ஒரு பகுதி சேமிப்பாளரின் அறியாமையால் நேர்கிறது. மற்றொரு பகுதி சட்டத்தின் ஒரு நிபந்தனையாலேயே நேர்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே எடுத்துக்கொள்வது 2025–26 நிதியாண்டின் விதிகள். பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியவை.

194ஏ பிரிவின்படி, ஒரு வங்கியில் ஒருவரின் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு பிடிக்கப்படும். 60 வயது நிறைந்தோருக்கு வரம்பு 1,00,000 ரூபாய். பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 விழுக்காடு. வரம்பைத் தாண்டியதும் அதற்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமல்ல, முழு வட்டிக்கும் பிடிப்பார்கள். ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும் பயனில்லை. எல்லாம் ஒன்றாகவே கூட்டப்படும். வேறு வேறு வங்கி என்றால் வரம்பு தனித்தனி. வட்டி கைக்கு வர வேண்டும் என்பதுமில்லை. கணக்கில் வரவு வைத்தாலே பிடித்தம் உண்டு.

இந்தக் கடைசி விதிதான் அதிகம் காயப்படுத்துகிறது. 48 வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கணவர் இறந்தபின் கிடைத்த 9 லட்சத்தை, 7 விழுக்காட்டில், முதிர்வில் மொத்தமாகப் பெறும் ஐந்தாண்டு வைப்பில் போடுகிறார். தையலில் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் வருகிறது. முதலாண்டு வட்டி ஏறக்குறைய 64,000. இரண்டையும் கூட்டினாலும் இரண்டு லட்சத்தை எட்டாது. வரி விலக்கு வரம்போ புதிய முறையில் 4 லட்சம், பழைய முறையில் 2.5 லட்சம். எந்த முறையிலும் வரி இல்லை. ஆனால் வங்கிக்கு அவருடைய மொத்த வருமானம் தெரியாது. காலாண்டுதோறும் வட்டி சேரும்போது 10 விழுக்காட்டைப் பிடித்துவிடும். பணம் எதுவும் கைக்கு வராததால் அவர் கவனிப்பதுமில்லை. ஐந்தாண்டு முடிவில் ரசீதில் எழுதிய முதிர்வுத் தொகை ஏறத்தாழ 12,73,000; கையில் வருவது 12,30,000. குறைந்த 43,000 ரூபாயில் சுமார் 36,700 டி.டி.எஸ்.; மீதி, அந்தப் பணம் வைப்பிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வட்டி. அந்த மீதியை வங்கியோ அரசோ திருப்பித் தராது.

பிடித்ததையாவது வாங்கலாமா என்றால், அதற்கும் கெடு உண்டு. ஒவ்வொரு நிதியாண்டின் பிடித்தத்தையும் அந்தந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கில் கேட்க வேண்டும். தாமதக் கணக்கையும் நிதியாண்டு முடிந்தபின் வரும் டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்தாக வேண்டும். அதன்பின் தாக்கல் செய்ய அனுமதிக்கப்படும் புதுப்பித்த கணக்கில் பணத்தைத் திரும்பக் கேட்க வழியில்லை. தாமதத்தை மன்னிக்குமாறு வருமான வரி ஆணையரிடம் மனுப் போடலாம். அதற்கும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்தாண்டுதான். முதிர்வு நாளில் விழித்துக்கொள்ளும் ஒரு தையல்காரர் நான்கு ஆண்டுகளுக்கு நான்கு மனுக்கள் போடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? ஆண்டுக்கு இருமுறையாவது 26ஏஎஸ் படிவத்தைப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் வராது. வட்டியை மாதந்தோறும் பெறுபவர் பாஸ்புக்கிலேயே குறைவைக் கண்டுகொள்வார்.

தடுக்கும் வழி எளிது. ஏப்ரலில், முதல் வட்டி வரவாகும் முன், 15ஜி படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாக, பணம் போட்டுள்ள ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும். ஐந்தாண்டு வைப்புக்கு ஒரு முறை கொடுத்தால் போதும் என்று நம்புவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. நவம்பரில் கொடுத்தால் அதற்குப் பிந்தைய வட்டிக்கே அது செல்லும். ஏற்கெனவே பிடித்து அரசுக்குச் செலுத்தியதை வங்கி திருப்பாது. படிவத்தில் கவனிக்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு: ஆண்டின் மொத்த மதிப்பீட்டு வருமானம். பலர் அதில் அந்த வங்கியின் வட்டியை மட்டும் எழுதிவிடுகிறார்கள். தையல் வருமானமும் பிற வங்கி வட்டியும் அதில் சேர வேண்டும். தெரிந்தே பொய்யாக எழுதினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

இதுவரை சொன்னது அறியாமையால் வரும் இழப்பு. சட்டத்தால் வருவது வேறு. 15ஜி கொடுக்க இரண்டு நிபந்தனைகள்: வரி பூஜ்யமாக இருக்க வேண்டும், கூடவே, ஆண்டின் வட்டி முதலான வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டக் கூடாது. 60 வயது நிறைந்தோருக்கான 15எச் படிவத்தில் இரண்டாவது நிபந்தனை இல்லை. 2019 மே மாதத் திருத்தத்தின்படி, 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யமானாலும் வங்கி 15எச்சை ஏற்க வேண்டும்.

விளைவைப் பாருங்கள். ஆலை வேலையிலிருந்து 58 வயதில் நின்ற ஒருவர், வருங்கால வைப்பு நிதியோடு நிலம் விற்ற பணத்தையும் சேர்த்து 60 லட்சத்தை 7.2 விழுக்காட்டில் போட்டிருக்கிறார். ஆண்டு வட்டி 4,32,000. வேறு வருமானம் இல்லை. 4 லட்சத்துக்கு மேற்பட்ட 32,000 ரூபாய்க்கு 5 விழுக்காடு, அதாவது 1,600 ரூபாய் வரி. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அதுவும் நீங்கிவிடுகிறது. இருந்தும் 15ஜி கொடுக்க அவருக்குத் தகுதியில்லை. 43,200 ரூபாய் பிடிக்கப்படும். மாதம் 36,000 எதிர்பார்த்த வீட்டில் 32,400. இதே தொகை வைத்திருக்கும் 61 வயதுக்காரர் 15எச் கொடுத்து ஒரு ரூபாயும் இழப்பதில்லை. இருவருக்கும் வரி பூஜ்யமே. வேறுபாடு வயதில் மட்டும்.

இவருக்கு உள்ள வழிகள் இரண்டு. 197ஆம் பிரிவின்கீழ் படிவம் 13 வழியாக விண்ணப்பித்துப் பிடித்தமற்ற சான்றிதழ் பெறலாம்; இணைய விண்ணப்பம், கணக்குக் காகிதங்கள், காத்திருப்பு எல்லாம் அதில் உண்டு. அல்லது ஜூலைக்குள் கணக்குத் தாக்கல் செய்து பணத்தைப் பெறலாம். பல வங்கிகளில் பிரித்துப் போடுவது சிறிய தொகைக்கு நல்ல வழி: வட்டியை அவ்வப்போது பெற்றுக்கொண்டால், 7 விழுக்காட்டில் 7 லட்சத்துக்கு ஆண்டு வட்டி 49,000தான். 60 லட்சத்துக்கு அது ஒத்துவராது.

பணம் வட்டியோடு திரும்பி வருகிறதே, என்ன குறை என்று கேட்கலாம். திருப்பத் தொகைக்கு மாதம் அரை விழுக்காடு வட்டி உண்டு. ஆனால் அது நிதியாண்டு முடிந்த ஏப்ரல் 1 முதல்தான் ஓடும். கெடு தவறிய கணக்கென்றால் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். முந்தைய ஜூனில் பிடித்த பணம் ஒன்பது மாதம் வட்டியின்றிக் கிடக்கிறது. மேலும், வட்டியை நம்பி அரிசி வாங்குபவருக்குத் தேவை அடுத்த ஆண்டின் மொத்தத் தொகை அன்று, இந்த மாதத்தின் 3,600 ரூபாய்.

பிடிக்காவிட்டால் வருமானத்தை மறைப்பார்கள் என்பது வலுவான மறுப்பு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் 15ஜி கொடுத்தவரின் பான் எண்ணையும் தொகையையும் தனி அடையாள எண்ணோடு வங்கி துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். வட்டி விவரம் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் ஏறுகிறது. தடயம் பிடித்தம் இல்லாமலே கிடைத்துவிடுகிறது. 61 வயதுக்காரரிடம் போதுமானதாகக் கருதப்படும் அந்தத் தடயம் 58 வயதுக்காரரிடம் போதாது என்பதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. 15எச்சுக்கு 2019இல் தந்த தள்ளுபடி விளக்கத்தை 15ஜிக்கும் நீட்டினால் மட்டும் போதாது. வட்டி வரம்பு நிபந்தனை சட்டப் பிரிவிலேயே இருப்பதால், அதை நாடாளுமன்றம்தான் நீக்க வேண்டும்.