இரும்புக்கு இரண்டு எண்கள்: விருதுநகர் ரேஷன் அரிசியும் அன்றாடப் பரிந்துரை அளவும்

மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018இல் அறிவித்தவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும். அதனால்தான் ரேஷன் கடைகளில் செறிவூட்டிய அரிசி வழங்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2022இல் தொடங்கியபோது விருதுநகர் அதில் முன்வரிசையில் நின்றது. சிவகாசியில் பட்டாசுக் குழாய் சுற்றியும் சரம் பின்னியும் நாள் முழுதும் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்களின் வீட்டுச் சோறு இன்று இந்த அரிசியில்தான் வேகிறது. திட்டத்துக்குச் சொல்லப்படும் காரணம் ரத்தசோகை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. ஆனால் உணவில் இரும்பு எவ்வளவு குறைகிறது, அரிசியில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதைச் சொல்வது ரத்தப் பரிசோதனை அல்ல, அன்றாடப் பரிந்துரை அளவு என்ற அட்டவணை. அந்த அட்டவணையின் எண்ணை ஒரு தனிப் பெண்ணுக்குப் பயன்படுத்தும் முறை வேறு, ஒரு மாவட்டத்துக்குப் பயன்படுத்தும் முறை வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் குறைபாடு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், தீர்வும் தவறான ஆட்களுக்குப் போய்ச் சேரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். தோல், குடல், சிறுநீர் வழியாக உடல் நாள்தோறும் இழக்கும் இரும்பு, எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.014 மில்லிகிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட அட்டவணை 65 கிலோ ஆணையும் 55 கிலோ பெண்ணையும் மாதிரி உடல்களாக வைத்தது. அந்த ஆண் இழப்பது சுமார் 0.9 மில்லிகிராம். பெண் இழப்பது 0.77, மாதவிடாய் இழப்பை நாள் கணக்கில் பரப்பிச் சேர்த்தால் 1.2 அளவுக்கு வருகிறது. உண்ணும் இரும்பு முழுவதும் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போவதில்லை. தானியமும் பருப்புமே பெரும்பங்காக உள்ள நம் உணவில் நூற்றுக்கு 8 பங்குதான் போகிறது என்று அட்டவணை கொள்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆணுக்கு 11, பெண்ணுக்கு 15 மில்லிகிராம். இதற்குச் சராசரித் தேவை என்று பெயர்: ஒத்த உடல் நிலையுள்ளவர்களில் பாதிப் பேருக்கு இது போதும், மீதிப் பாதிக்குப் போதாது. நூற்றில் 97 பேருக்கு மேல் போதுமாறு இதை உயர்த்தியதே பரிந்துரை அளவு: ஆணுக்கு 19, பெண்ணுக்கு 29.

நாட்டுக்கு நாடு எண் மாறுவதன் பெரும்பங்கு விடை இந்த வகுத்தலில்தான் இருக்கிறது. அமெரிக்க அட்டவணை இளம் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 8 என்கிறது. அந்த ஊர்ப் பெண்ணின் உடல் குறைவாக இரும்பைக் கேட்பதாக இதற்குப் பொருள் இல்லை. அவர்களது சராசரித் தேவை 8.1. அவர்கள் கொள்ளும் உட்கிரகிப்பு நூற்றுக்கு 18. இரண்டையும் பெருக்கினால் உடலுக்குள் போக வேண்டியது 1.4 மில்லிகிராமுக்குச் சற்று மேல், அதாவது நம் கணக்கைவிட அதிகம். இறைச்சி மிகுந்த தட்டும் தானியம் மிகுந்த தட்டும் வேறு என்பதையே நூற்றுக்கு 8, நூற்றுக்கு 18 என்ற இரண்டு உட்கிரகிப்பு எண்களும் சொல்கின்றன. கரிசல் காட்டில் ஒரு காலத்தில் அன்றாட உணவாக இருந்த கம்பில் 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உண்டு. தீட்டிய அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பிலுள்ள ஃபைட்டிக் அமிலம் உட்கிரகிப்பைத் தடுக்கும் என்பது உண்மை, ஆனாலும் இந்த இடைவெளி சிறியதல்ல.

வயதும் பாலினமும் வேறொரு வழியாக எண்ணை மாற்றுகின்றன. வளரும் உடல் இழப்பை ஈடுகட்டுவதோடு புதிய ரத்தத்தையும் தசையையும் கட்ட வேண்டும். அதனால் 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 26 என்று சொல்லும் அட்டவணை, வளர்ந்த ஆணுக்கு 19 போதும் என்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அமெரிக்க அட்டவணையில் 18 என்பது 8 ஆகி, ஆணின் அளவோடு சமமாகிவிடுகிறது. பெண்ணின் எண்ணில் கவனிக்க வேண்டியது அதன் உயரத்தைவிட அதன் பரவல். பெரும்பாலானவர்களுக்கு மாதவிடாய் இழப்பு மிதமானது, சிலருக்கு மட்டும் மிக அதிகம். அந்தச் சிலரையும் உள்ளடக்க வேண்டியிருப்பதால் 15க்கும் 29க்கும் இடையே அவ்வளவு தூரம் விழுகிறது. 2010 அட்டவணையில் பெண்ணுக்கு 21 என்றே இருந்தது. பத்தாண்டில் எண் எட்டு கூடியதற்குக் காரணம் கணக்கிட்ட முறை. பெண்களின் உடல் அதற்குள் மாறிவிடவில்லை.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பட்டாசு ஆலையில் வேலை செய்யும் நூறு பெண்கள் நாளுக்குத் தலா 20 மில்லிகிராம் இரும்பு உண்கிறார்கள் என்று கொள்வோம். பரிந்துரை அளவான 29ஐ அளவுகோலாக வைத்தால் நூறு பேருக்கும் குறைபாடு. உண்மையில் அவர்களது தேவைகள் 15ஐ நடுவாகக் கொண்டு, உயர்ந்த பக்கம் வால் நீண்டு பரவிக் கிடக்கின்றன. அந்தப் பரவலை வைத்துக் கணித்தால் 20 மில்லிகிராம் போதாதவர்கள் ஏறத்தாழ இருபது பேர். நூறுக்கும் இருபதுக்கும் உள்ள வேறுபாடு கொள்கையையே மாற்றிவிடும். அந்த இருபது பேர் பெரும்பாலும் அதிக ரத்தப்போக்கு உள்ளவர்கள். அவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண்டறிந்து மருத்துவம் செய்ய முடியும். செறிவூட்டிய அரிசியோ வீட்டில் எல்லோர் தட்டிலும் விழுகிறது. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் வரையறைப்படி அதில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். 300 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு அது 8 முதல் 13 மில்லிகிராம் வரை சேர்க்கும். அதிகச் சோறு உண்ணும், தேவை குறைந்த ஆணுக்கு அதைவிட அதிகமாகச் சேர்க்கும். நாளொன்றுக்கான இரும்பின் மேல்வரம்பு 45 மில்லிகிராம் என்பதால் அரிசியால் மட்டும் ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால் அதிகம் கிடைப்பவர் யார், அதிகம் வேண்டியவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பாதிப் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது அளவுகோலைத் தாழ்த்துவது ஏழைப் பெண்களைக் கைவிடுவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 15ஐ இலக்காக வைத்து எல்லோருக்கும் 15 கிடைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் அது கைவிடலே, ஏனென்றால் அங்கே பாதிப் பேருக்குப் போதாது. தேவைக்குக் கீழே உண்பவர்கள் மிகச் சிலராகும் வரை உணவின் தரத்தை உயர்த்துவதே இலக்காக வேண்டும். அதை அளக்கத்தான் சராசரித் தேவையும் அதன் பரவலும் வேண்டும். ரத்தசோகைக்கு பி12, ஃபோலேட் குறைவு, குடற்புழு, நோய்த்தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு. இரும்பை மட்டும் கூட்டினால் அவை தீரா. நூற்றுக்கு 8 என்ற உட்கிரகிப்பே ஓர் அனுமானம்தானே என்றும் கேட்கலாம். ஆம், அனுமானம்தான். சோற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ மீனோ சேர்ந்தால் அது கூடும், உண்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். அதனால் 8ஐ 10 ஆக்கினாலே பெண்ணின் சராசரித் தேவை 15இலிருந்து 12 ஆகிவிடும். ஆலை வாசல் தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதும், மதிய டப்பாவில் நெல்லிக்காய் இருப்பதும் அட்டவணையின் வகுக்கும் எண்ணையே மாற்றக்கூடியவை.

ஆகவே விருதுநகர் மாவட்ட ஊட்டச்சத்துத் திட்டங்களை மதிப்பிடுகிறவர்கள் 29ஐத் தனிப் பெண்ணுக்கான ஆலோசனைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் உணவை நேரில் அளந்து, தேவைப் பரவலோடு ஒப்பிட்டு, அரிசியில் இன்னும் இரும்பு வேண்டுமா என்பதை அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.