எப்போது வேகம், எப்போது நிதானம்: 32 பிட் நுண்கட்டுப்படுத்தியில் மின்சிக்கனத்தின் கணக்கு

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் வட்டாரத்தில் உள்ள பெக்கான் நானாஸின் அன்னாசித் தோட்டங்கள் பெரும்பாலும் பீட் மண்ணில், அதாவது மலாயில் கம்புட் எனப்படும் முற்றாகச் சிதையாத தாவரப் படிவின்மேல் அமைந்தவை. இம்மண்ணில் நீர்மட்டம் ஏறினால் வேர் அழுகும். மிகவும் இறங்கினால் மண் காய்ந்து அமிழும், தீயும் பற்றும். ஆகவே துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைத் தரையில் இறக்கி, அதில் நிற்கும் நீரின் மட்டத்தைக் கால் மணிக்கொருமுறை அளந்து அனுப்பும் சிறு கருவியை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதன் மூளை STM32F103 என்னும் 32 பிட் நுண்கட்டுப்படுத்தி, உணவு ஒரே ஒரு லித்தியம் மின்கலம். கடிகாரத்தை மெதுவாக்கு, பயன்படாத துணைச்சுற்றுகளை அணைத்துவிடு என்ற வழக்கமான அறிவுரை இக்கருவிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே கேள்வி. பாதிதான் பொருந்தும் என்பது என் வாதம்.

இந்தச் சில்லின் தரவேட்டில், 3.3 வோல்ட்டில், 25 பாகை செல்சியஸில், ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து நிரல் ஓடும்போதான வழமையான மின்னோட்டங்கள் தரப்பட்டுள்ளன. 72 மெகாஹெர்ட்ஸில் எல்லாத் துணைச்சுற்றுகளும் இயங்கினால் 36 மில்லி ஆம்பியர், அனைத்தையும் அணைத்தால் 27. எட்டு மெகாஹெர்ட்ஸில் இவை 5.5, 4.6 ஆகின்றன. ஒரு மெகாஹெர்ட்ஸில் அணைத்த நிலையிலும் 1.45 மில்லி ஆம்பியர் செல்கிறது. கடிகாரம் 72 மடங்கு குறைந்தும் மின்னோட்டம் ஏறத்தாழ 19 மடங்குதான் குறைந்திருக்கிறது. காரணம், துடிப்போடு ஏறி இறங்காத ஓர் அடித்தளச் செலவு ஒரு மில்லி ஆம்பியரை ஒட்டி எப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குமான விலையைப் பார்த்தால் இது தெளிவாகும்: 72 மெகாஹெர்ட்ஸில் 0.375 நானோ கூலும், எட்டில் 0.575, ஒன்றில் 1.45. மெதுவான துடிப்பே விலை உயர்ந்த துடிப்பு.

துடிப்பைக் குறைத்தால் மின்னழுத்தமும் குறையுமானால் கதை வேறு. நிலைமாற்றச் செலவு மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. STM32L1 குடும்பத்தில் உள்ளக மின்னழுத்தத்தை 1.8 வோல்ட்டிலிருந்து 1.2 வோல்ட்டுக்கு இறக்கலாம்; அப்போது அச்செலவு 44 விழுக்காடாகும். நம் F103-இல் உள்ளக மின்னழுத்தம் 1.8 வோல்ட்டில் நிலைத்தது. எனவே கீழே வருவன அனைத்தும் மின்னழுத்தம் மாறாத சில்லுக்கே உரியவை.

கருவியின் ஒரு சுற்றைப் பிரித்துப் பார்ப்போம். உணரிக்கு மின்சாரம் கொடுத்தபின் அது நிலைப்பட 200 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். பிறகு அளவீடுகளைச் சலித்துச் சராசரி எடுக்க 7,20,000 துடிப்புகள் என்று வைத்துக்கொள்வோம். இறுதியில் 40 பைட்டுகளை 9600 பாட் வேகத்தில் வானொலிப் பாகத்துக்கு யுஆர்ட் வழியே தள்ள 42 மில்லி விநாடி. இம்மூன்றும் வெவ்வேறு இயல்புள்ள வேலைகள் என்பதைத்தான் அந்த அறிவுரை கவனிப்பதில்லை.

கணக்கிடுதலை 72 மெகாஹெர்ட்ஸில் செய்தால் 10 மில்லி விநாடியில் முடியும், செலவு 0.27 மில்லி கூலும். எட்டு மெகாஹெர்ட்ஸில் 0.41, ஒரு மெகாஹெர்ட்ஸில் 1.04. இங்கே விரைந்து முடித்து உறங்குவதே சிக்கனம். யுஆர்ட் அனுப்பலோ பாட் வேகத்தால் கட்டுண்டது. செயலி எவ்வளவு வேகமாக ஓடினாலும் 42 மில்லி விநாடிதான். 72 மெகாஹெர்ட்ஸில் காத்திருந்தால் 1.13 மில்லி கூலும், ஒரு மெகாஹெர்ட்ஸில் 0.06. உணரிக்கான காத்திருப்புக்குக் கடிகாரமே வேண்டாம். நிகழ்நேரக் கடிகாரத்தின் முன்வகுப்பியைச் சிறிதாக்கி அலாரம் வைத்துவிட்டு ஸ்டாப் நிலைக்குப் போய்விடலாம். அங்கே 14 மைக்ரோ ஆம்பியர்தான், 200 மில்லி விநாடிக்கு அது பொருட்டே அல்ல. அதே காத்திருப்பை 72 மெகாஹெர்ட்ஸில் வெறும் சுழற்சியில் கழித்தால் 5.4 மில்லி கூலும் போகும். கணக்கீட்டைப் போல் இருபது மடங்கு.

விரைவுக்கும் ஒரு நுழைவுக் கட்டணம் உண்டு. ஸ்டாப்பிலிருந்து எழும் சில்லு எட்டு மெகாஹெர்ட்ஸ் உள்ளக அலைவியில்தான் எழுகிறது. படிகம் நிலைப்பட ஏறத்தாழ 2 மில்லி விநாடியும், பிஎல்எல் பூட்டிக்கொள்ள 0.2 மில்லி விநாடி வரையும் ஆகும். அக்கால இழப்பு சுமார் 10 மைக்ரோ கூலும். துடிப்பொன்றுக்கு மிச்சமாவது 0.2 நானோ கூலும் என்பதால், வேலை 50,000 துடிப்புகளுக்குக் குறைந்தால் எழுந்த வேகத்திலேயே முடித்துவிடுவது மேல். வேகத்தை ஏற்றும்போது ஃபிளாஷின் காத்திருப்புச் சுழற்சியை முதலில் இரண்டாக்கிவிட்டே கடிகாரத்தை உயர்த்த வேண்டும். இறக்கும்போது கடிகாரம் முந்தி, சுழற்சி பிந்தி. வரிசை தவறினால் சில பலகைகளில் நன்றாக ஓடி, வேறு சிலவற்றில் திடீரென்று வன்பிழையில் விழும்.

துணைச்சுற்றுகளை அணைப்பதன் பயனும் நிலைக்கு நிலை மாறுகிறது. செயலி மட்டும் உறங்கும் ஸ்லீப் நிலையில், 72 மெகாஹெர்ட்ஸில், அணைக்காமல் 14.4 மில்லி ஆம்பியர், அணைத்தால் 5.5. அங்கே இது பெரும் சேமிப்பு. எட்டு மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது சேமிப்பு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. ஸ்டாப்பிலோ கடிகாரங்கள் தாமே நின்றுவிடுவதால் இலக்கப் பகுதிகளுக்கு அணைப்பு எதையும் தராது. அங்கே எஞ்சி நிற்பது ஒப்புமைச் சுற்று. ஏடிசியின் ஒப்புமைப் பகுதிக்கெனத் தனியே 0.8 மில்லி ஆம்பியர் சேர்க்கச் சொல்கிறது தரவேடு. கடிகாரத்தை வெட்டினால் அது அணையாது, அதன் ADON பிட்டை அழித்தாக வேண்டும். அதிலும் வரிசை உண்டு:

```c
ADC1->CR2 &= ~ADC_CR2_ADON;
RCC->APB2ENR &= ~RCC_APB2ENR_ADC1EN;
```

இவ்விரு வரிகளை மாற்றிப் போட்டால் முதலில் கடிகாரம் போய்விடும், பிறகு ADON-ஐ அழிக்கும் எழுத்து ஏடிசியைச் சென்றடையாது. பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த 0.8-இல் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் 80 மைக்ரோ ஆம்பியர், அதாவது உறக்கச் செலவைப் போல் ஐந்து மடங்குக்கு மேல்.

யுஆர்ட்டிலும் இதே போன்ற ஒரு பொறி இருக்கிறது. கடைசி பைட் தரவுப் பதிவேட்டிலிருந்து நகர்வுப் பதிவேட்டுக்கு மாறியதும் TXE கொடி எழும். ஆனால் பைட் இன்னும் கம்பியில் போய்க்கொண்டிருக்கும். TC கொடிக்குக் காத்திராமல் கடிகாரத்தை மாற்றினாலோ ஸ்டாப்புக்குப் போனாலோ ஒவ்வொரு செய்தியிலும் இறுதி எழுத்து மட்டும் கெடும். கடிகாரம் மாறியபின் BRR மதிப்பைத் திருத்த மறந்தால் முழுச் செய்தியும் கெடும். எது நடந்தது என்பதை இந்த வேறுபாட்டைக் கொண்டே சொல்லிவிடலாம்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு சுற்றின் விழிப்புச் செலவு ஏறத்தாழ 0.35 மில்லி கூலும். எஞ்சிய 900 விநாடி உறக்கத்துக்கு 12.6. அதாவது சில்லின் மொத்தச் செலவில் 97 விழுக்காடு உறக்கமே. இதன்பின் கடிகாரத்தை இன்னும் செதுக்குவதில் பொருளில்லை. துணைச்சுற்றுகள் அனைத்தும் இயங்க, ஓயாமல் சுழலும் நிரலில் 72-ஐ எட்டாக்கினால் 2600 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் மூன்று நாளிலிருந்து இருபது நாளுக்குப் போவது உண்மைதான். கடிகாரக் குறைப்புக்கு இவ்வளவு புகழ் சேர்ந்தது அந்தப் பாய்ச்சலால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே மிச்சமானது வேலையின் செலவன்று, வீண் காத்திருப்பின் செலவு.

உறக்கச் செலவை அளக்கும்போது மில்லி ஆம்பியர் கணக்கில் காட்டினால் முதலில் பிழைதிருத்தியைச் சந்தேகிக்க வேண்டும். அது DBG_STOP பிட்டை ஏற்றியிருந்தால் ஸ்டாப்பிலும் கடிகாரம் ஓடும். மீள்தொடக்கம் அதை அழிக்காது, மின்சாரத்தை ஒருமுறை முழுதாகத் துண்டிக்க வேண்டும். அடுத்து மின்சீராக்கி. AMS1117 போன்ற ஒன்று பலகையில் இருந்தால் அதுவே சுமையின்றி 5 மில்லி ஆம்பியர் அளவில் விழுங்கும். அதன் பக்கத்தில் 14 மைக்ரோ ஆம்பியரைப் பற்றிப் பேசுவதே வீண்.

உறக்கச் செலவு கூடுவதற்கான மூன்றாவது காரணம் தோட்டத்துக்கே உரியது. அந்த 14 மைக்ரோ ஆம்பியர் 25 பாகையில் அளந்தது. சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் பெருகும். 85 பாகைக்கான உச்ச மதிப்பைத் தரவேடு நூறு மைக்ரோ ஆம்பியருக்கு மேல் வைக்கிறது. நிழலற்ற அன்னாசி வரிசையில், நண்பகல் வெயிலில் மூடிய பெட்டிக்குள் சில்லு 25 பாகையில் இருக்கப்போவதில்லை. மேலே கண்ட பங்கீட்டின்படி, பெட்டிக்கு வெள்ளைப் பூச்சும் ஒரு சாய்வுக் கூரையும் போடுவது எந்தக் கடிகாரத் திருத்தத்தையும்விட அதிகம் மிச்சப்படுத்தக்கூடும். அதற்கப்பால் வானொலி நிற்கிறது: SX1276 சில்லு 13 டெசிபெல்-மில்லிவாட் ஆற்றலில் 29 மில்லி ஆம்பியர் எடுக்கும். 0.4 விநாடி ஒலிபரப்பினால் 11.6 மில்லி கூலும், கிட்டத்தட்ட முழு உறக்கத்தின் விலை. அங்கே குறைக்க வேண்டியது செய்தியின் நீளத்தை, அல்லது நீர்மட்டம் மாறாதபோது அனுப்புவதையே.