சுவரைத் துளைக்கும் அயனி: துணைக்கோள் நினைவகப் பிறழ்வின் வரலாறு

1983ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சேலஞ்சர் விண்ணோடம் தன் முதற்பயணத்தை மேற்கொண்டபோது டி.டி.ஆர்.எஸ்-1 என்னும் துணைக்கோளைச் சுமந்து சென்றது. பிற விண்கலங்களின் தகவல்களைப் பெற்றுத் தரைநிலையத்திற்கு அனுப்பிவைப்பது அத்துணைக்கோளின் பணி. அது பணி தொடங்கிய பின்னர், அதன் திசைக் கட்டுப்பாட்டு அமைப்பின் நினைவகத்தில் ஒரு பிறழ்வு அடிக்கடி தலைகாட்டியது. 0 என்று எழுதப்பட்ட இடத்தில் 1 இருந்தது. 1 இருக்கவேண்டிய இடத்தில் 0 இருந்தது. சில்லு பழுதடையவில்லை. சரியான மதிப்பை மீண்டும் எழுதினால் அது முன்போலவே இயங்கியது. எனினும், பிறழ்வைத் திருத்தாமல் விட்டால் துணைக்கோள் நிலைதடுமாறிப் புரளக்கூடும். ஆதலால் தரைக் கட்டுப்பாட்டாளர்கள் இடைவிடாது கண்காணித்துத் திருத்தக் கட்டளைகளை அனுப்பவேண்டியதாயிற்று.

இதனைப் பொறியியலாளர்கள் ‘ஒற்றை நிகழ்வுப் பிறழ்வு’ என்பர். ஒரே ஒரு துகள் ஒரே ஒரு முறை பாய்வதால் விளைவது என்பதே அப்பெயரின் பொருள். துகள்தான் காரணம் என்றால் துணைக்கோளின் உலோகச் சுவரை இன்னும் தடிப்பாக்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

முன்னறிவிப்பும் முதற்சான்றும்

1962ஆம் ஆண்டிலேயே வால்மார்க், மார்க்கஸ் என்னும் இருவர் இதனை முன்னறிவித்தனர். குறைகடத்திக் கருவிகளை ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டருக்குக் கீழே சிறிதாக்கினால் அண்டக் கதிர்கள் அவற்றின் நிலையை மாற்றிவிடும் என்று அவர்கள் கணித்தனர். 1975ஆம் ஆண்டில் பைண்டர், ஸ்மித், ஹோல்மன் ஆகியோர் நேரடிச் சான்றுடன் வந்தனர். துணைக்கோள்களின் இயக்கக் காலத்தை மொத்தமாகக் கூட்டினால் 17 ஆண்டுகள். அக்காலத்தில் எண்ணிமச் சுற்றுகள் தாமாக நிலைமாறிய நிகழ்வுகள் 4. எண்ணிக்கை சிறிதுதான். ஆயினும் இரும்பு போன்ற கனமான அணுக்கருக்களின் வருகையைக் கொண்டு கணக்கிட்டபோது அந்நிகழ்வுகளுக்கு விளக்கம் கிடைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் நினைவகங்களின் செல்கள் மேலும் சுருங்கின, பிறழ்வுகளோ பெருகின.

சில்லுக்குள் நிகழ்வது

நினைவகச் செல் ஒன்று தன் மதிப்பை மிகச் சிறிய மின்னூட்டத்தின் வடிவில் காத்து வைத்திருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அயனி சிலிக்கனை ஊடுருவும்போது வழிநெடுக எலக்ட்ரான்களை விடுவித்துச் செல்கிறது. அவற்றைச் செல் உறிஞ்சிக்கொள்ளும்போது, அதன் தாங்குதிறனைவிட மிகுதியான மின்னூட்டம் சேர்ந்தால் மதிப்பு புரண்டுவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். அண்டக் கதிர்களில் வரும் இரும்பு அணுக்கரு ஒன்று ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 87 விழுக்காட்டு வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் 56 பில்லியன் எலக்ட்ரான்வோல்ட். சிலிக்கனில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 3.6 எலக்ட்ரான்வோல்ட் போதும். எனவே இவ்வணுக்கரு ஒரு மைக்ரோமீட்டர் தொலைவைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 80,000 எலக்ட்ரான்களை விடுவிக்கிறது.

சுவர் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

கவசம் பயனற்றது என்று எண்ணிவிடலாகாது. புவியைச் சூழ்ந்த கதிர்வளையங்களில் உள்ள எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றைச் சில மில்லிமீட்டர் அலுமினியம் தடுத்துவிடும். சூரியனிலிருந்து வரும் புரோட்டான்களுள் 30 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் உடையது 4 அல்லது 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் சிறிதுசிறிதாகச் சேர்ந்து சில்லுகளை நலிவிக்கும் கதிர்வீச்சைக் குறைப்பதற்குக் கவசமே சிறந்த வழி.

மேற்கண்ட இரும்பு அணுக்கருவோ வேறு வகையைச் சார்ந்தது. 4 மில்லிமீட்டர் அலுமினியத்தைக் கடக்கும்போது அது தன் ஆற்றலில் நூற்றுக்கு இரண்டு பங்கை மட்டுமே இழக்கிறது. அதனை முற்றிலும் நிறுத்த ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் தடிப்பு வேண்டும். அத்தடிப்புள்ள சுவரின் ஒரு சதுர மீட்டர் 350 கிலோகிராம் நிறையிருக்கும். அரை மீட்டர் பக்கமுள்ள ஒரு பெட்டியை ஆறு புறமும் மூட அரை டன்னுக்கும் மேற்பட்ட அலுமினியம் தேவைப்படும். டி.டி.ஆர்.எஸ்-1 துணைக்கோளின் மொத்த நிறையே ஏறத்தாழ 2.2 டன்தான்.

நிறைமட்டும் தடையன்று, இயற்பியலும் குறுக்கே நிற்கிறது. வேகம் குறையக் குறைய அயனி ஒவ்வொரு மைக்ரோமீட்டரிலும் விடுவிக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுகிறது. நின்றுபோவதற்குச் சற்று முன்னர் இரும்பு அணுக்கரு ஒரு மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 19 இலட்சம் எலக்ட்ரான்களை விடுவிக்கும். விரைந்து வந்தபோது விடுவித்ததைப்போல் இது இருபது மடங்கிற்கும் மேல். சுவரைச் சற்றுத் தடிப்பாக்கினால், முன்னர் சில்லுவரை மெதுவாக வந்த அயனிகள் சுவரிலேயே நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் முன்னர் விரைந்து கடந்துபோன அயனிகள் இப்போது வேகம் குறைந்து அவற்றின் இடத்தை நிரப்பிவிடும். ஒருபுறம் அடைத்தால் மறுபுறம் கசிவது போன்றது இது. ஆகவே தடிப்பை இரட்டித்தாலும் பிறழ்வுகள் பாதியாகக் குறைவதில்லை.

பல சென்டிமீட்டர் தடிப்பில் மற்றொரு நிகழ்வு தொடங்குகிறது. பத்து சென்டிமீட்டர் அலுமினியத்திற்குள் பாதிக்கு மேற்பட்ட இரும்பு அணுக்கருக்கள் அலுமினிய அணுக்கருக்களோடு மோதி உடைகின்றன. உடைந்த துண்டுகள் இலேசானவை. அவற்றின் தாக்கம் தனித்தனியே குறைவு. ஆனால் அவற்றோடு புதிய புரோட்டான்களும் நியூட்ரான்களும் பிறக்கின்றன. அவை சிலிக்கன் அணுக்கருவைத் தாக்கினால், சில்லுக்குள்ளேயே மெதுவான கன அயனி தோன்றும்.

பதிவேடு கூறிய செய்தி

காரணம் அண்டக் கதிரே என்பதை எவ்வாறு உறுதி செய்வது? 1984 முதல் 1990 வரை டி.டி.ஆர்.எஸ்-1 இன் பிறழ்வுகள் முறையாகப் பதிவு செய்யப்பட்டன. அவற்றைத் தரையிலுள்ள நியூட்ரான் அளவிகளின் பதிவோடு ஒப்பிட்டபோது, அண்டக் கதிர்களின் நெடுங்கால ஏற்ற இறக்கத்தோடு பிறழ்வுகளும் தொடர்புற்றிருப்பது தெரிந்தது. சூரியச் செயற்பாடு தணிந்திருக்கும் காலத்திலேதான் அண்டக் கதிர்கள் மிகும். அதற்கு மேலாக, 1989ஆம் ஆண்டின் கடுமையான சூரியத் துகள்வீச்சின்போது குறுகிய காலத்திற்குப் பிறழ்வுகள் திடீரென உயர்ந்தன. மெல்ல மாறும் அடித்தளம் அண்டக் கதிர்களுடையது. திடீர்ச் சிகரங்கள் சூரியனுடையவை. கவசம் ஓரளவு உதவுவது சிகரங்களைத் தாழ்த்துவதற்கே.

சுவரை விடுத்து நினைவகத்திற்கு

இத்தொடரின் பிற்காலத் துணைக்கோள்களில் கதிர்வீச்சைத் தாங்கவல்ல நினைவகம் பொருத்தப்பட்டது. அதனினும் பரவலான தீர்வு, 1950ஆம் ஆண்டில் ஹாமிங் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீட்டிலிருந்து வளர்ந்தது. 64 பிட்டுகள் கொண்ட ஒரு சொல்லுடன் 8 சோதனைப் பிட்டுகளைச் சேர்த்து எழுதுகின்றனர். ஒரு பிட்டு புரண்டால் எது புரண்டது என்பதைக் கண்டு திருத்த முடியும். இரண்டு புரண்டால் பிழையுண்டு என்று மட்டுமே அறிய முடியும். ஆகையால் இரண்டாவது அயனி அதே சொல்லைத் தாக்குவதற்கு முன்னரே, கணினி நினைவகம் முழுவதையும் குறித்த இடைவெளிகளில் படித்துத் திருத்தி எழுதிவிடுகிறது. ஒரே அயனி அடுத்தடுத்த செல்களைப் புரட்டக்கூடும் என்பதால், ஒரு சொல்லின் பிட்டுகளைச் சில்லில் ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கின்றனர்.

அயனி இன்றும் சுவரைக் கடந்து வருகிறது, பிட்டும் புரள்கிறது. அப்பிழை கட்டளையாக மாறித் துணைக்கோளைத் திருப்புவதற்கு முன் திருத்தப்பட்டுவிடுகிறது என்பதே நாற்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம்.