நார்மல் மேப் பேக்கிங்கில் சாயும் விவரம்

அதிகப் பலகோண மாதிரியின் நுண்விவரங்களைக் குறைந்த பலகோண மாதிரிக்கான நார்மல் மேப்பில் பதிப்பதே பேக்கிங். குறைந்த மாதிரியைச் சற்று ஊதிப் பெருக்கிய உறை கேஜ் எனப்படும். அதிலிருந்து உள்நோக்கிச் செல்லும் கதிர்கள், எதிர்ப்படும் விவரத்தைப் பதிவு செய்கின்றன.

இடைவெளி விழாமலிருக்க, கேஜின் திசை ஒவ்வொரு முனையிலும் கூடும் முகங்களின் சராசரியாக அமைகிறது. சாய்வுக்குக் காரணம் இதுவே. ஒரு கனசதுரப் பெட்டியின் முகத்தில், மையத்தில் நேராக இறங்கும் கதிர் விளிம்பின் நடுவில் 45 பாகை சாய்ந்துவிடும். அங்கே 5 மி.மீ. உயரமுள்ள போல்ட் இருந்தால், அதன் தலை ஏறத்தாழ 5 மி.மீ. மையத்தை நோக்கி நகர்ந்து பதியும். வட்டத் தலை இழுபட்டு, பக்கச்சுவர் ஒருபுறம் மட்டும் தெரிவதே அடையாளம்.

பலரும் முதலில் கேஜின் தூரத்தைக் கூட்டுவார்கள். அறுபட்ட விவரத்துக்குத்தான் அது மருந்து. திசை மாறாததால் சாய்வு அப்படியே இருக்கும். விளிம்பை ஒட்டி முகத்தின் நான்கு பக்கமும் துணை விளிம்புக் கோடுகள் சேர்ப்பதே உறுதியான வழி. சாய்வு அந்தக் குறுகிய பட்டைக்குள் அடங்கிவிடும். பேக் செய்தபின் அக்கோடுகளை நீக்கினால் நிழலமைப்பு கெடும். மார்மோசெட் டூல்பேக்கில் `Paint Skew` கருவியால் போல்ட்டின் மேல் தீட்டியே கதிரை நிமிர்த்தலாம். கூர்விளிம்பு வரை தீட்டினால் மட்டும் அங்கே இடைவெளிக் கோடு தோன்றும்.